சமச்சீர் அணியின் ஒரு நிரையை நீக்கினால் ஐகன் மதிப்புகள் ஏன் இடையிடையே போய் விழுகின்றன?

கேள்வி: ஒரு 3×3 சமச்சீர் அணியில் கடைசி நிரையையும் கடைசி நிரலையும் நீக்கிப் பார்த்தேன். மிச்சமுள்ள 2×2 அணியின் ஐகன் மதிப்புகள் பெரிய அணியின் மதிப்புகளுக்கு நடுநடுவே வந்து உட்காருகின்றன. எண்களை மாற்றினாலும் இதேதான். ஏன்? ஆனால் நடு நிரையை நீக்கினால் ஒரே எண் இரண்டு முறை வருகிறது, அது பிழையா? இரண்டு நிரைகளை நீக்கினாலும் இது பொருந்துமா?

பதில்:

பிழை இல்லை. நீங்கள் பார்த்தது கோஷியின் இடையீட்டுத் தேற்றம். 1829-இல் கோள்களின் நீண்டகால இயக்கத்தில் வரும் ஒரு சமன்பாட்டைப் பற்றி எழுதும்போது கோஷி இதைக் காட்டினார். பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் மீச்சிறு-மீப்பெரு வாதத்தை வைத்து நிறுவுவார்கள். அது சுருக்கமானது, பொதுவானது, ஆனால் "ஏன்" என்று கேட்பவருக்கு அதில் கண்ணுக்குத் தெரிகிற காரணம் எதுவும் கிடைக்காது என்பது என் எண்ணம். அதனால் வேறு வழியில் போகிறேன். ஒரு வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலில் எண்கள். இந்த அணியை எடுத்துக்கொள்வோம்:

```
A =  2  -1   0
    -1   2  -1
     0  -1   2
```

இதன் ஐகன் மதிப்புகள் 2−√2, 2, 2+√2, அதாவது தோராயமாக 0.586, 2, 3.414. கடைசி நிரையையும் நிரலையும் நீக்கினால் மிஞ்சுவது மேல் இடது மூலையில் உள்ள 2×2 அணி, அதை B என்போம். அதன் ஐகன் மதிப்புகள் 1, 3. வரிசைப்படுத்தினால்

```
0.586 < 1 < 2 < 3 < 3.414
```

பெரியது, சிறியது, பெரியது, சிறியது, பெரியது என்று மாறி மாறி வருகிறது.

இனி காரணம். A-யை B-யிலிருந்து கட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். B-யின் பக்கத்தில் ஒரு புதிய நிரல் b ஒட்டுகிறது, இங்கே அது (0, −1). அடியில் அதே எண்கள் நிரையாக வருகின்றன, மூலையில் a என்ற ஓர் எண், இங்கே 2. A-யின் ஐகன் திசையன் ஒன்றை (y, t) என்று எழுதுவோம். y என்பது பழைய இரண்டு இடங்களில் உள்ள பகுதி, t என்பது புதிய இடத்தில் உள்ள எண். ஐகன் மதிப்பு x என்றால், நிபந்தனை இரண்டு வரிகளாகப் பிரிகிறது:

```
B y + t b = x y
b·y + a t = x t
```

B சமச்சீர் அணி என்பதால் அதற்கு ஒன்றுக்கொன்று செங்குத்தான ஐகன் திசையன்கள் இருக்கின்றன. அந்தத் திசைகளையே அச்சுகளாக வைத்துக்கொண்டால் முதல் வரி தனித்தனி எண்களாக உடைந்துவிடும். B-யின் i-ஆவது ஐகன் மதிப்பு μᵢ, அந்தத் திசையில் b-யின் கூறு cᵢ என்றால், yᵢ = t·cᵢ/(x−μᵢ). இதைக் கொண்டுபோய் இரண்டாவது வரியில் போட்டு, t பூச்சியம் இல்லை என்று வைத்து அதால் வகுத்துவிட்டால் மிஞ்சுவது இவ்வளவுதான்:

```
x − a = Σ cᵢ² / (x − μᵢ)
```

எல்லாமே இந்த ஒரு வரியில் இருக்கிறது. இடப்பக்கம் ஒரு நேர்கோடு, மேல்நோக்கி ஏறிக்கொண்டே போகும். வலப்பக்கத்தில் உள்ள வளைவு ஒவ்வொரு μᵢ-யிலும் முடிவிலிக்குப் போய் உடைகிறது, உடையாத ஒவ்வொரு துண்டிலும் கீழ்நோக்கி இறங்குகிறது, ஏனென்றால் cᵢ² எப்போதும் எதிர்மம் ஆகாது. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், சமச்சீர்த் தன்மை வேலை செய்வது இங்கேதான். நிரையிலும் நிரலிலும் ஒரே b இருப்பதால்தான் cᵢ-யும் cᵢ-யும் பெருகி வர்க்கம் கிடைக்கிறது. சமச்சீர் இல்லாவிட்டால் அங்கே இரண்டு வேறு எண்களின் பெருக்கல் வரும், அதன் குறி எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம்.

சரி, அடுத்தடுத்த இரண்டு μ-களுக்கு நடுவில் என்ன நடக்கிறது? இடது ஓரத்தில் வளைவு +∞-இல் இருந்து கிளம்பி வலது ஓரத்தில் −∞-க்கு இறங்குகிறது. நேர்கோடு ஏறுகிறது. இறங்குவதும் ஏறுவதும் ஒரு முறை சந்தித்தே ஆக வேண்டும், இரண்டாவது முறை சந்திக்கவும் முடியாது. ஆக அந்த இடைவெளியில் A-க்குச் சரியாக ஓர் ஐகன் மதிப்பு. மிகச் சிறிய μ-க்கு இடப்புறம் பாருங்கள்: வெகு தொலைவில் வளைவு பூச்சியத்தை ஒட்டி இருக்கிறது, கோடு மிகக் கீழே இருக்கிறது, μ-வை நெருங்கும்போது வளைவு −∞-க்கு விழுகிறது, கோடு மேலே வந்துவிடுகிறது. அங்கும் ஒரு சந்திப்பு. வலது கோடியிலும் இதே கதை தலைகீழாக. n−1 உடைப்புகள் கோட்டை n துண்டுகளாக்குகின்றன, துண்டுக்கு ஒன்று வீதம் n ஐகன் மதிப்புகள். கணக்கு தீர்ந்தது, வேறு எங்கும் ஒளிந்திருக்க மிச்சம் எதுவும் இல்லை.

நம் எடுத்துக்காட்டில் எண்ணைப் போட்டுப் பார்ப்போம். B-யின் ஐகன் திசையன்கள் (1, 1)/√2, (1, −1)/√2. b = (0, −1)-க்கு இரண்டு திசையிலும் கூறின் வர்க்கம் 0.5. எனவே சமன்பாடு

```
x − 2 = 0.5/(x − 1) + 0.5/(x − 3)
```

x = 2 என்று போட்டால் இடப்பக்கம் 0, வலப்பக்கம் 0.5 − 0.5 = 0. x = 3.414 என்றால் இடப்பக்கம் 1.414, வலப்பக்கம் 0.207 + 1.207, அதுவும் 1.414. x = 0.586-க்கு இரண்டு பக்கமும் −1.414. மூன்றும் அந்தந்தத் துண்டில் இருக்கின்றன.

"எண்களை மாற்றினாலும் இதேதான்" என்று சொன்னீர்களே, அதற்கும் இந்தப் படத்திலேயே விடை இருக்கிறது. மூலையில் உள்ள 2-ஐ எடுத்துவிட்டு 100 என்று போடுங்கள். வளைவுக்கு a-யைப் பற்றி எதுவும் தெரியாது, அது அப்படியே இருக்கும். கோடு மட்டும் வலப்பக்கம் நகர்கிறது. சந்திப்புகளும் வலப்பக்கம் நகரும், ஆனால் உடைப்புகளைத் தாண்ட முடியாது, சுவரில் போய் முட்டிக்கொள்ளும். கணக்கிட்டால் ஐகன் மதிப்புகள் சுமார் 0.995, 2.995, 100.01. கூட்டினால் 104, மூலைவிட்டக் கூட்டுத்தொகையோடு பொருந்துகிறது. முதல் இரண்டும் 1-ஐயும் 3-ஐயும் கீழிருந்து ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, மூன்றாவது மட்டும் கட்டுப்பாடில்லாமல் 100-க்கு ஓடிவிட்டது. a-க்கு −100 கொடுத்தால் நேர்மாறாக, சிறியது −100-க்குச் சற்றுக் கீழே போகும், மற்ற இரண்டும் 1-க்கும் 3-க்கும் சற்று மேலே வந்து நிற்கும். ஒரு நிரையைச் சேர்ப்பதால் ஓரத்தில் இருப்பதைத்தான் தொலைதூரம் விரட்ட முடியும். உள்ளே இருப்பவற்றுக்கு இரு பக்கமும் சுவர்.

இனி நடு நிரை விவகாரம். நடுவை நீக்கினால் மிஞ்சுவது மூலைவிட்டத்தில் 2, 2, மற்ற இரண்டு இடங்களிலும் பூச்சியம். ஐகன் மதிப்புகள் 2, 2. வரிசை 0.586 ≤ 2 ≤ 2 ≤ 2 ≤ 3.414. தேற்றம் சொல்வது "சிறியது அல்லது சமம்" என்பதுதான், "கண்டிப்பாகச் சிறியது" அல்ல, ஆகவே இது முழுக்கச் சரி. எப்போது சமம் வரும் என்பதுதான் சுவாரசியமான கேள்வி.

மேலே t-யால் வகுத்தோம் அல்லவா, அங்கேதான் ஒரு கதவைத் திறந்து வைத்தோம். t = 0 ஆக இருக்கும் ஐகன் திசையன்கள் அந்தச் சமன்பாட்டில் வராது. t = 0 என்றால் முதல் வரி By = xy என்று ஆகிவிடுகிறது, அதாவது அதே x B-க்கும் ஐகன் மதிப்பு. வேறு மாதிரிச் சொன்னால், A-யின் ஓர் ஐகன் திசையனில் நீங்கள் நீக்கும் இடத்தில் உள்ள எண் பூச்சியம் என்றால், அந்த ஐகன் மதிப்புக்கு நீக்கியதே தெரியாது, அப்படியே B-யிலும் இருக்கும். மறுதலையும் உண்மை: A-க்கும் B-க்கும் ஒரு மதிப்பு பொதுவாக இருந்தால், அந்த மதிப்புக்கு அப்படிப் பூச்சியம் உள்ள திசையன் ஒன்று கட்டாயம் இருக்கும்.

நம் A-யில் 2 என்ற மதிப்புக்கு உரிய திசையன் (1, 0, −1). பெருக்கிப் பாருங்கள், (2, 0, −2) வரும். நடு இடத்தில் மட்டும் பூச்சியம். அதனால்தான் நடுவை நீக்கியபோது 2 தப்பிப் பிழைத்தது, ஓரத்தை நீக்கியபோது கண்டிப்பான இடையீடு வந்தது. அப்படியானால் இன்னொரு 2 எங்கிருந்து வந்தது? நடுவை நீக்கிய அணியில் 2 இரட்டையாக வருகிறது, அதாவது அந்தத் தளத்தில் எந்தத் திசையும் ஐகன் திசைதான். b = (−1, −1). அதற்குச் செங்குத்தான (1, −1) A-க்குள் நுழைந்து மேலே பார்த்த (1, 0, −1) ஆகிறது. b-யின் திசையிலேயே உள்ள (1, 1) மட்டும் சமன்பாட்டில் பங்கேற்கிறது: x − 2 = 2/(x − 2), தீர்வுகள் 2 ± √2. ஓர் உடைப்பு, இரண்டு சந்திப்பு, மூன்றாவது மதிப்பு கதவு வழியாக. கணக்கு இங்கும் சரியாக மூன்று.

இரண்டு நிரைகளை நீக்கும்போது பலர் தடுக்கி விழுவார்கள், நானும் ஒருமுறை விழுந்திருக்கிறேன். அடுத்தடுத்த மதிப்புகளுக்கு நடுவே ஒன்று என்ற விதி இங்கே போய்விடும். ஒவ்வொன்றாக நீக்குவதாக நினைத்து இரண்டு படிகளைச் சங்கிலியாகக் கோத்தால் கிடைப்பது இது: n×n அணியின் ஐகன் மதிப்புகளை ஏறுவரிசையில் λᵢ என்றும், மிஞ்சும் அணியின் மதிப்புகளை அதே வரிசையில் μᵢ என்றும் எழுதினால், k நிரைகளை, அவற்றுக்குரிய நிரல்களோடு, நீக்கும்போது

```
λᵢ ≤ μᵢ ≤ λᵢ₊ₖ
```

அதாவது ஒவ்வொரு μ-க்கும் உள்ள வேலி k படி அகலமாகிறது. முன்பு பார்த்த அதே அமைப்பில் 4×4 எடுங்கள், மூலைவிட்டத்தில் 2, பக்கத்து இடங்களில் −1, மற்ற இடங்களில் பூச்சியம். ஐகன் மதிப்புகள் 0.382, 1.382, 2.618, 3.618. கடைசி இரண்டு நிரைகளை நீக்கினால் பழைய 1, 3 வரும். 1.382-க்கும் 2.618-க்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, காலி. இப்போது இரண்டாவதையும் மூன்றாவதையும் நீக்குங்கள். 2, 2 வரும், இரண்டும் அதே நடு இடைவெளிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருகின்றன. ஒரே அணிதான், இரண்டு நிரைகளைத்தான் நீக்கினோம், ஒரு முறை இடைவெளி காலி, இன்னொரு முறை இரட்டை. இரண்டிலும் மேலே எழுதிய சமனின்மை மீறப்படவில்லை: முதல் மதிப்பு 0.382-க்கும் 2.618-க்கும் இடையில், இரண்டாவது 1.382-க்கும் 3.618-க்கும் இடையில். அதற்கு மேல் தேற்றம் எதையும் உறுதி சொல்வதில்லை.

எங்கே உடையும் என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நீக்கும் நிரையும் நிரலும் ஒரே வரிசை எண்ணுடையதாக இருக்க வேண்டும். 3×3 A-யில் முதல் நிரையையும் மூன்றாவது நிரலையும் நீக்கினால் வருவது (−1, 2), (0, −1) என்ற நிரைகள், ஐகன் மதிப்பு −1 இரண்டு முறை. 0.586-க்கும் 3.414-க்கும் வெளியே வெகு தூரத்தில் இருக்கிறது. அதே மாதிரி அணி சமச்சீராக இல்லாவிட்டால் ஐகன் மதிப்புகள் மெய்யெண்களாக இருந்தாலும் பலன் இல்லை. (4, 1), (−2, 1) என்ற 2×2 அணியின் ஐகன் மதிப்புகள் 2, 3. கடைசி நிரையை நீக்கினால் மிஞ்சுவது 4, வேலிக்கு வெளியே. இங்கே cᵢ²-க்குப் பதில் 1 × (−2) வந்துவிட்டது, வளைவு இறங்குவதற்குப் பதில் ஏறுகிறது. சிக்கலெண் அணிகளில் ஹெர்மீஷியனாக இருந்தால் எல்லாம் அப்படியே பொருந்தும், cᵢ²-க்குப் பதில் அதன் மட்டின் வர்க்கம் வரும், அவ்வளவுதான்.

கணினியில் சோதிப்பதாக இருந்தால்:

```python
import numpy as np
A = np.array([[2,-1,0],[-1,2,-1],[0,-1,2]], float)
k = [0, 1]
print(np.linalg.eigvalsh(A))
print(np.linalg.eigvalsh(A[np.ix_(k, k)]))
```

இதில் `np.ix_` இல்லாமல் `A[k, k]` என்று எழுதினால் உள் அணி வராது, மூலைவிட்டத்தில் உள்ள இரண்டு எண்கள் மட்டும் வரும். `eigvals` பயன்படுத்தினால் மதிப்புகள் வரிசைப்படி வரும் என்று உத்தரவாதம் இல்லை, வரிசைப்படுத்தாமல் ஒப்பிட்டு "தேற்றம் பொய்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். `eigvalsh` ஏறுவரிசையில் தரும், ஆனால் அதில் வேறொரு பொறி இருக்கிறது: இயல்பாக அது அணியின் கீழ்ப்பாதியை மட்டும் படிக்கும், மேல்பாதியில் நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் கண்டுகொள்ளாது. அணியை நிரப்பும்போது மேலே ஓர் எண் தவறிப்போனாலும் அது முனகக்கூட முனகாது, இடையீடு கச்சிதமாக வரும், நீங்கள் நினைத்த அணி மட்டும் வேறாக இருக்கும். முதலில் `np.allclose(A, A.T)` பார்த்துவிடுவது நல்லது. சமம் வரும் இடங்களில், நடு நிரை போல, தசமக் கடைசியில் சிறு பிசிறு வரும் என்பதால் 1e-10 அளவுக்காவது இடம் விட்டு ஒப்பிடுங்கள்.

இதை நான் அடிக்கடி பயன்படுத்துவது ஒரே ஒரு காரியத்துக்கு. ஒரு பெரிய சமச்சீர் அணியின் எல்லா ஐகன் மதிப்புகளும் நேர்மமா என்று சந்தேகம் வந்தால், முழுதாகக் கணக்கிடும் முன் சின்ன உள் அணிகளைப் பார்ப்பேன். எங்காவது மூலைவிட்டத்தில் 1, 1, அவற்றை இணைக்கும் இடத்தில் 2 என்று ஒரு 2×2 இருந்தால் அதன் ஐகன் மதிப்புகள் −1, 3. அணி எவ்வளவு பெரிதானாலும், அதன் மிகச் சிறிய ஐகன் மதிப்பு −1 அல்லது அதற்கும் கீழே என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. ஆனால் எதிர்த்திசையில் நம்பக் கூடாது. மூலைவிட்டத்தில் 1, மற்ற எல்லா இடத்திலும் −0.6 உள்ள 3×3 அணியில் எந்த 2×2-ஐ எடுத்தாலும் 0.4, 1.6 என்று நல்ல பிள்ளையாக இருக்கும், மூன்றும் சேர்ந்தால் −0.2, 1.6, 1.6. இந்த அணியில் 1.6 இரட்டையாக இருப்பதால், எந்த நிரையை நீக்கினாலும் சின்ன அணிக்கு 1.6 வந்தே தீரும், இரண்டு சமமான சுவர்களுக்கு நடுவே நிற்க வேறு இடம் இல்லை. இன்னொரு மதிப்பு −0.2-க்கும் 1.6-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், இங்கே அது 0.4-இல் வந்து நின்றது.